தோட்டத்தில் கிடந்த சட்டை

செஞ்சி நகரத்திலும், சிறுகடம்பூர், சக்கராபுரம் முதலான கோட்டையடி ஊர்களிலும் தோட்டம் வைத்திருக்கும் அன்பர்களுக்கு,

விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், தோட்டத்தில் பாம்புச் சட்டை கிடந்தால் அதைக் கைபேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பும் வழக்கம் உங்களில் பலருக்கு வந்துவிட்டது. கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், இது நல்ல பாம்பா?" பத்துப் படங்களுக்கு ஏழெட்டுக்கு நான் "சொல்ல முடியாது" என்றே பதில் எழுதுகிறேன். இதில் சிலருக்கு வருத்தம். இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று ஒரு அம்மா நேரிலேயே கேட்டுவிட்டார். கேட்டது நியாயம். அதனால் எல்லோருக்குமாக இந்த மடலை எழுதுகிறேன். சட்டை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, படத்தில் எது இருந்தால் என்னால் பெயர் சொல்ல முடியும் என்பதுதான் விஷயம்.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். பாம்பு கழற்றிப் போடுவது முழுத்தோலை அல்ல. மேலே இருக்கும் செத்துப்போன மெல்லிய படலத்தை மட்டும்தான். நம் நகமும் முடியும் எந்தப் பொருளோ ஏறக்குறைய அதே பொருள். நிறம் பெரும்பாலும் அதற்குக் கீழே, உயிருள்ள தோலில் தங்கிவிடுகிறது. கருமை மட்டும் கொஞ்சம் படலத்தோடு ஒட்டிக்கொண்டு வரலாம். அதனால்தான் சில சட்டைகளில் புகை படிந்தது போலக் கட்டமோ வளையமோ தெரியும், பல சட்டைகளில் ஒன்றுமே தெரியாது. கருப்புப் பாம்பின் சட்டையும் மஞ்சள் பாம்பின் சட்டையும் வெயிலில் காய்ந்தபின் ஒரே வெள்ளைக் காகிதம்தான். "வெள்ளையாக இருக்கிறது, அதனால் இது இன்ன பாம்பு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நீளமும் அப்படித்தான். செதில்களுக்கு இடையே மடிந்திருக்கும் மெல்லிய தோலும் உரியும்போது விரிந்துகொள்வதால், சட்டை எப்போதும் பாம்பை விட நீளமாக இருக்கும். ஆறடிச் சட்டை என்றால் பாம்பு ஐந்தடியோ அதற்குச் சற்று மேலோ இருக்கலாம். அகலத்தையும் நம்ப வேண்டாம். காய்ந்து தட்டையாகிப் போன குழாயைப் பார்த்து "கழுத்துப் பக்கம் அகலமாக இருக்கிறது, படம்தான்" என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. தட்டையானால் எந்தப் பாம்பின் சட்டையும் அகலமாகத்தான் தெரியும்.

நிறமும் நீளமும் அகலமும் போனால் மிச்சம் என்ன? செதில்கள். ஒவ்வொரு செதிலும் தன் அச்சை அந்தப் படலத்தில் அப்படியே விட்டுப்போகிறது. கண்ணின் மேல் இருந்த கண்ணாடி போன்ற மூடிகூட உரிந்து வந்திருக்கும். பாம்புக்கு இமை கிடையாது, அந்த மூடிதான் உண்டு. மால்கம் ஸ்மித் 1943இல் வெளியிட்ட இந்தியப் பாம்புகள் பற்றிய பெரிய தொகுதியில் இனங்களைப் பிரிக்கக் கையாண்ட முதன்மையான அடையாளமே செதில்களின் எண்ணிக்கையும் அமைப்பும்தான். அவர் பார்த்தவற்றில் பெரும்பாலானவை சாராயத்தில் ஊறி நிறம் மங்கிய பாம்புகள். நிறம் போனாலும் செதில் போகாது. சட்டைக்கும் அதே கணக்குதான்.

ஆனால் எல்லாச் செதிலும் ஒரே அளவுக்குப் பேசாது. மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதல் இடம் உடம்பின் நடுப்பகுதி. வயிற்றுப் பக்கம் அகலமான பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒரு பட்டையின் ஓரத்தில் தொடங்கி, முதுகின் மேல் சாய்வாக ஏறி, மறுபக்கம் பட்டை வரும்வரை சிறு செதில்களை எண்ண வேண்டும். பட்டையை எண்ணக் கூடாது. இதுதான் வரிசைக் கணக்கு. நல்ல பாம்புக்கு 21 முதல் 25 வரை வரும். சாரைக்குப் பெரும்பாலும் 17. கட்டு விரியனுக்குப் பெரும்பாலும் 15. கண்ணாடி விரியனுக்கு 27 முதல் 33 வரை. எண்ணும்போதே செதில் வழவழப்பாக இருக்கிறதா, நடுவில் ஒரு மேடான கோடு ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் அந்தக் கோடு அழுத்தமாக இருக்கும். ஆனால் வயலிலும் ஏரியிலும் நீங்கள் தினம் பார்க்கும் தண்ணீர்ப் பாம்புக்கும் கோடு உண்டு. அதற்கு வரிசை 19தான். கோட்டைப் பார்த்ததும் விரியன் என்று பதற வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது இடம் கழிவாயும் வாலின் அடிப்பக்கமும். கழிவாயை மூடும் செதில் ஒன்றாக இருக்கிறதா, இரண்டாகப் பிளந்திருக்கிறதா? அதற்குப் பின்னால் வாலின் அடியில் பட்டைகள் ஒற்றையாகப் போகின்றனவா, சோடி சோடியாகப் போகின்றனவா? கட்டு விரியனுக்கு வாலடிப் பட்டை ஒற்றை. அதைப் போல வளையம் போட்டு நம்மை ஏமாற்றும் நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனுக்குச் சோடி. உயிருள்ள பாம்பிடம் இதைப் பார்க்கப் போனால் உயிர் போகும். சட்டையில் மட்டுமே பயமில்லாமல் பார்க்கலாம்.

மூன்றாவது இடம் தலை. மேலே பெரிய தகடுகள் இருக்கின்றனவா, சிறு செதில்கள் நிறைந்திருக்கின்றனவா என்பது ஒன்று. சிறு செதில்கள் நிறைந்திருப்பது கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் பொது. பக்கவாட்டில் மூக்குச் செதிலுக்கும் கண்ணுக்கு முன்னால் இருக்கும் செதிலுக்கும் நடுவே வேறு செதில் உண்டா என்பது மற்றொன்று. நல்ல பாம்புக்கும் கட்டு விரியனுக்கும் அந்த இடைச்செதில் கிடையாது. சாரைக்கு அது ஒன்றல்ல, பெரும்பாலும் இரண்டு மூன்று உண்டு.

இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்ற ஆண்டு சிறுகடம்பூரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் பெயர் வேண்டாம். வீட்டின் பின்புறம் கொய்யாவும் முருங்கையும் வைத்த தோட்டம், ஓரத்தில் பழைய கருங்கல் மதில். மதிலடியில் நீளமாக ஒரு சட்டை. அவர் நின்றபடியே மூன்று படம் எடுத்து அனுப்பினார். முதல் படத்தில் சருகுகளுக்கு நடுவே சுருண்ட வெள்ளைக் குவியல். இரண்டாவதில் அவர் செருப்பும் சட்டையின் பாதியும். மூன்றாவது கிட்டத்தில் எடுத்தது, ஆனால் வெயில் நேர்மேலே இருந்ததால் செதில் ஒன்றுமே தெரியவில்லை. வால் பக்கம் செதில் ஓரங்களில் லேசான கருமை தெரிந்தது. அவ்வளவுதான். அதை வைத்து நான் சொல்லியிருக்கக்கூடியது: இது பாம்பினுடையது, ஓணானுடையது அல்ல; பெரிய பாம்பு; விரியன் போலத் தெரியவில்லை. அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் அது குறி சொல்வதுதான்.

இதற்குள் அவர் மகன் என் பழைய மாணவன் ஒருவனிடம் எண்ணும் முறையைக் கேட்டுத் தானே எண்ணிவிட்டான். 14, 15 என்று வந்திருக்கிறது. "பதினைந்து என்றால் கட்டு விரியனாமே சார்!" என்று இரவு ஒன்பது மணிக்கு அழைப்பு. வீட்டில் யாரும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. சட்டையை ஒரு பழைய முறத்தில் எடுத்து வையுங்கள், காலையில் வருகிறேன் என்றேன்.

காலையில் முதல் வேலையாக ஒரு அகன்ற தாம்பாளத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுச் சட்டையை ஊறவைத்தோம். கால் மணி நேரத்தில் மொறமொறப்பு போய்த் துணி போலாகிவிட்டது. தலை இருந்தது, ஆனால் கசங்கிப் போயிருந்தது. வால் நுனி அறுந்துபோயிருந்தது. வயிற்றுப் பட்டையின் ஓரமாகக் கத்தரிக்கோலால் நறுக்கி, கருப்புக் குடைத்துணியின் மேல் விரித்தோம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாம்பு உதட்டோரத்தில் தொடங்கிக் காலுறையைக் கழற்றுவது போல உரிக்கிறது. ஆகவே சட்டை உள்பக்கம் வெளியே திரும்பியே கிடக்கும். அந்தப் பக்கம் பார்த்தால் செதிலின் மேட்டுக் கோடு பள்ளமாகத் தெரியும், இடது வலதாகும். காய்ந்த மடிப்பும் கோடு போலவே தெரியும். ஊறவைத்து விரித்த பிறகும் நிற்பதுதான் கோடு.

இப்போது எண்ணினோம். உடம்பின் சரிபாதியில் 17. பையனிடம் நீ எங்கே எண்ணினாய் என்றேன். வால் பக்கமாக, கழிவாய்க்குச் சற்று முன்னால் கைவைத்துக் காட்டினான். அங்கே எண்ணினால் எனக்கும் 14 வந்தது. தவறு அவன் கணக்கில் இல்லை, எண்ணிய இடத்தில்தான். பாம்பின் உடம்பு வாலை நோக்கி ஒடுங்க ஒடுங்க வரிசைகளும் குறைந்துகொண்டே போகும். சாரைக்கு நடுவில் 17 என்றால் கழிவாய்க்கு முன் 14தான். நல்ல பாம்புக்கும் கழுத்தருகே படம் விரியும் இடத்தில் வரிசை கூடும், பின்னால் குறையும். அதனால்தான் நூல்களில் கொடுக்கும் எண் நடு உடம்புக்கு உரியது. மேலும், கட்டு விரியனாக இருந்தால் முதுகின் நடு வரிசை மட்டும் மற்ற வரிசைகளை விடப் பெரிதாக, அறுகோணமாக இருக்க வேண்டும். இங்கே நடு வரிசை மற்றவை போலத்தான் இருந்தது.

கழிவாய்ச் செதில் இரண்டாகப் பிளந்திருந்தது. நல்ல பாம்புக்கும் கட்டு விரியனுக்கும் அது ஒற்றை. அந்த ஒரு செதிலிலேயே வீட்டாரின் பயம் பாதி இறங்கிவிட்டது. கடைசியில் தலையைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, கைலென்சால் பார்த்தேன். மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே மூன்று சிறு செதில்கள். நடு உடம்பில் 17, கழிவாய்ச் செதில் இரண்டு, இடைச்செதில் மூன்று: மூன்று சாட்சியும் ஒரே பெயரைச் சொன்னபோதுதான் நானும் சொன்னேன். சாரைப் பாம்பு.

அதோடு முடியவில்லை. "சாரை இருந்தால் நல்ல பாம்பும் கூடவே இருக்குமே, அது இதற்கு ஆண் அல்லவா" என்று வீட்டுப் பாட்டி கேட்டார். நம் பக்கம் எல்லோரும் கேட்டு வளர்ந்த பேச்சு இது. சாரை வேறு இனம், நல்ல பாம்பு வேறு இனம். சாரையிலும் ஆணும் பெண்ணும் உண்டு, நாகத்திலும் உண்டு. வயல்வெளியில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு எழுவதைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு வந்திருக்க வேண்டும். அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கு நிற்பது. பாட்டி முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

இப்போது முடியாத கதை ஒன்று. கிருஷ்ணகிரி மலையடியில் ஒரு தோட்டம். கல் இடுக்கில் சிக்கிக் கிடந்த ஒரு சாண் நீளத் துண்டு மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள். தலை இல்லை, வால் இல்லை. ஊறவைத்து எண்ணினால் 23 வரிசை, செதில் வழவழப்பு. நல்ல பாம்புக்கு இது அப்படியே பொருந்துகிறது. ஆனால் ட்ரிங்கெட் என்று ஆங்கிலப் பெயரால் அறியப்படும் நஞ்சற்ற ஒரு மெல்லிய பாம்பும் நம் காடுகளில் உண்டு. அதற்கு 23 முதல் 27 வரிசை வரும். வழவழப்பும் அதேதான். கழிவாய்ச் செதிலும் இரண்டுக்கும் ஒற்றை. ஆகவே வால் பக்கம் கிடைத்திருந்தால்கூட அந்தச் செதில் தீர்த்துவைத்திருக்காது. தலைதான் வேண்டும்: இடைச்செதில் இருந்தால் ட்ரிங்கெட், இல்லாவிட்டால் நாகம். துண்டு ஒடுக்கமாக இருந்தது. ஆனால் குட்டி நாகமும் ஒடுக்கம்தான். அவர்களிடம் "இரண்டில் ஒன்று" என்றேன். ஏமாற்றத்தோடு போனார்கள்.

இதே போன்ற இன்னொரு கண்ணி கொம்பேறி மூக்கன். அதற்கும் 15 வரிசை, அதற்கும் முதுகின் நடு வரிசை பெரிது. நடுத்துண்டு மட்டும் கிடைத்தால் மரமேறும் அந்த அப்பாவிப் பாம்பைக் கட்டு விரியன் என்று தீர்ப்பெழுதிவிடலாம். வாலடிப் பட்டை ஒற்றையா சோடியா என்று பார்த்தால்தான் பிரியும். படத்தில் வாலின் அடிப்பக்கம் இல்லாவிட்டால் நான் வாய் திறக்காததற்கு இதுவே காரணம்.

செதில் முழுவதும் கிடைத்தாலும் சட்டை சொல்லாத சில உண்டு. பாம்பு எப்போது உரித்தது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. உரித்த கொஞ்ச நேரத்துக்கு ஈரப்பசையோடு துவளும். பிறகு காய்ந்து நொறுங்கும். அதற்குமேல் நேற்றைய சட்டையா போன மாதத்ததா என்பதை வெயிலும் மழையும் எறும்பும்தான் தீர்மானிக்கின்றன. கூரைக்குள் கிடந்தது மாதக்கணக்கில் புதிதாகவே இருக்கும். பாம்பு இன்னும் அங்கே இருக்கிறதா என்பதும் தெரியாது. உரிப்பதற்குச் சில நாள் முன்னால் பழைய படலத்துக்கும் புதியதுக்கும் நடுவே நீர் கோத்துக் கண் பால்படிந்தது போலாகும், பார்வை மங்கும். அந்த நாட்களில் அது ஒதுங்கிக் கிடக்கும். பிறகு சொரசொரப்பான கல்லையோ வேலியையோ தேடி முகத்தை உரசித் தொடங்கும். ஆகவே சட்டை கிடந்த இடம் அது தங்கும் பொந்துக்குப் பக்கமாகவும் இருக்கலாம், கல் சௌகரியமாக இருந்ததால் வந்துபோன இடமாகவும் இருக்கலாம்.

போன திசை மட்டும் ஓரளவு தெரியும். மயிலம் சாலைப் பக்கம் வரப்பில் எலி பிடிக்கும் இருளர் பெரியவர் ஒருவர் எனக்குக் காட்டியது இது. "வாலு எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு கெடக்குதோ அந்தப் பக்கம்தான் சார் போயிருக்கும்" என்றார். காலுறையை மனதில் கழற்றிப் பாருங்கள், அவர் சொன்னது சரி என்று தெரியும்: தலைப்பகுதி தொடங்கிய இடத்தில் சிக்கி நிற்கும், பாம்பு அதிலிருந்து வெளியேறி முன்னே போகும்போது வால் நுனி கடைசியாக, போகும் திசையில் விழும். காற்றோ கோழியோ சட்டையைப் புரட்டாமல் இருந்தால்தான் இது செல்லும். நீங்கள் குச்சியால் புரட்டிவிட்டு எடுத்த படத்தில் அதுவும் போய்விடுகிறது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் நஞ்சு எடுப்பதற்காக நான்கு வகை நச்சுப் பாம்புகளைத் தேடிப் பிடிப்பவர்கள். அவர்களும் பொந்து, தடம், எச்சம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். யாரையாவது பாம்பு கடித்துவிட்டால், தோட்டத்தில் கிடந்த சட்டையை வைத்து எது கடித்தது என்று முடிவு செய்யாதீர்கள். சட்டை சாரையுடையதாக இருக்கலாம், கடித்தது வேறாக இருக்கலாம். நம் மருத்துவமனைகளில் இருக்கும் நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துத் தயாரானது. மருத்துவர் ஆளின் அறிகுறியைப் பார்த்து முடிவெடுப்பார். சட்டையை எனக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரம் விலைமதிக்க முடியாதது. 108ஐ அழையுங்கள்.

மற்றபடி, அடுத்த முறை படம் எடுக்கும்போது என் வேண்டுகோள் இவ்வளவுதான். புரட்டுவதற்கு முன் கிடந்தபடியே ஒரு படம். பிறகு நீளமான குச்சியால் சுற்றுப்புறம் தட்டிப் பார்த்துவிட்டு, சட்டையை எடுத்து ஊறவைத்து, கருப்புத் துணியில் விரித்து, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து நான்கு படங்கள்: நடு உடம்பு ஒன்று, தலையின் மேல்பக்கம் ஒன்று, தலையின் பக்கவாட்டு ஒன்று, கழிவாயிலிருந்து வால்வரை அடிப்பக்கம் ஒன்று. வெளிச்சம் மேலிருந்து வேண்டாம், பக்கத்திலிருந்து விழட்டும். காலை எட்டு மணி வெயில் போதும். அப்படி வந்த படத்தில் பெரும்பாலும் பெயர் சொல்லிவிடலாம். முடியாதபோது எது எதுவாக இருக்கலாம் என்றாவது சொல்லலாம்.

கிருஷ்ணகிரி அடிவாரத் துண்டு இன்னும் என் மேசையில் ஒரு பழுப்பு உறைக்குள் இருக்கிறது. உறையின் மேல் எழுதியிருப்பது: "23 வரிசை. வழவழப்பு. தலை இல்லை." பெயருக்கு விட்ட இடம் காலியாகவே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ஊர் பழைய விலங்கியல் வாத்தியார்,
செஞ்சி